ஜெர்மனியில் படித்து முடித்த பிறகு: 18 மாத வேலை தேடும் விசாவும் நிரந்தர வசிப்புரிமையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியில் முதுகலை முடிக்கும் தம்பி தங்கைகள் ஒவ்வொரு செமஸ்டர் கடைசியிலும் இதே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிய பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்கின்றன. சம்பள வரம்புகள் ஒவ்வொரு ஜனவரியும் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

1. அக்கா, ரிசல்ட் வந்துடுச்சு. இன்னும் வேலை கிடைக்கல. ஊருக்குத் திரும்பிடணுமா?

வேண்டாம். ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்தவருக்கு, படிப்புக்கேற்ற வேலை தேட 18 மாதம் வரை தங்கும் அனுமதி உண்டு. வசிப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு இதைத் தருகிறது. நாம் பேச்சில் விசா என்று சொன்னாலும், கையில் கிடைப்பது ஒரு வசிப்பு அனுமதி அட்டை. ஊருக்குப் போய் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்திலேயே மாற்றிக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த அட்டை வேலை தேடுவதற்கான அவகாசம் மட்டுமே. நிரந்தர வசிப்புரிமைக்கான கணக்கு இதில் ஓடத் தொடங்குவதில்லை. அது ஏன் முக்கியம் என்பது 8-ஆம் கேள்வியில் வருகிறது.

2. 18 மாசம் எப்பலேருந்து கணக்கு? பட்டமளிப்பு விழாவுலேருந்தா?

விழாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. படிப்பை வெற்றிகரமாக முடித்ததுதான் கணக்கு. அதாவது, கடைசி மதிப்பெண் பதிவாகி, தேர்ச்சி பெற்றுவிட்டீர்கள் என்று பல்கலைக்கழகம் எழுத்தில் தந்த தேதியிலிருந்து பொதுவாக எண்ணுகிறார்கள். அட்டை மூன்று மாதம் தாமதமாகக் கைக்கு வந்தால் முடிவுத் தேதியும் மூன்று மாதம் தள்ளிப்போகும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். அட்டையில் அச்சிட்டிருக்கும் முடிவுத் தேதியைப் பாருங்கள், அதுதான் உங்கள் கெடு.

பட்டச் சான்றிதழ் அச்சாகி வர வாரக்கணக்கில் ஆகலாம். அதற்காகக் காத்திருக்காதீர்கள். தேர்வு அலுவலகம் தரும் தற்காலிகத் தேர்ச்சிக் கடிதம் பெரும்பாலும் விண்ணப்பத்துக்குப் போதும்.

3. அப்பாயின்ட்மென்ட்டே கிடைக்கல. விசா இன்னும் ரெண்டு வாரத்துல முடியுது. பயமா இருக்கு.

அப்பாயின்ட்மென்ட் வேறு, விண்ணப்பம் வேறு. பழைய அனுமதி முடிவதற்கு முன் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அப்படிச் சேர்ந்தால், முடிவு தெரியும்வரை பழைய அனுமதி தொடர்வதாகவே சட்டம் கருதும். ஆன்லைன் படிவம் இருந்தால் அதில் அனுப்பி, வந்த ஒப்புகையைச் சேமித்து வையுங்கள். இல்லையென்றால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அப்பாயின்ட்மென்ட் கேட்டு அனுப்பிய மின்னஞ்சலை மட்டும் நம்ப வேண்டாம். "விண்ணப்பிக்கிறேன்" என்ற வாக்கியமும் ஆவணங்களும் அதில் இருக்க வேண்டும். நான் மாணவியாக இருந்தபோது வெறும் தேதி மட்டும் கேட்டு எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தேன். அது விண்ணப்பமே இல்லை என்று கடைசி நாளுக்கு முந்தின நாள்தான் தெரிந்தது. அன்றிரவே முழு விண்ணப்பத்தையும் அனுப்பித் தப்பித்தேன்.

விண்ணப்பித்த பின் ஃபிக்ஸியோன்ஸ்பெஷைனிகுங் என்ற இடைக்காலச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். அதில் எந்தப் பெட்டியில் குறி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 81-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு என்றால் பழைய அனுமதி தொடர்கிறது என்று பொருள்; வெளியே போய்த் திரும்பி வரலாம். 3-ஆம் உட்பிரிவு என்றால் அதை வைத்து நாட்டுக்குள் திரும்ப நுழைய முடியாது. விமான டிக்கெட் எடுப்பதற்கு முன் இந்த ஒரு வரியைப் படித்துவிடுங்கள்.

4. இந்த 18 மாசத்துல என்ன வேலை வேணும்னாலும் செய்யலாமா? கடை, கிடங்கு, டெலிவரி எல்லாம்?

செய்யலாம். நேர வரம்பு கிடையாது, துறை வரம்பு கிடையாது, சுயதொழிலும் செய்யலாம். அட்டையில் "எர்வெர்ப்ஸ்டேடிக்கைட் எர்லௌப்ட்" என்று இருக்கும். சம்பாதிக்கும் எந்த வேலையும் செய்ய அனுமதி உண்டு என்று அதற்குப் பொருள்.

பலரும் தவறுவது இடைப்பட்ட நாட்களில்தான். மாணவர் அனுமதியில் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்ற வரம்பு இருக்கிறது. ரிசல்ட் வந்த மறுநாளே அது போய்விடாது. புதிய அட்டை வரும்வரை, அல்லது இடைக்காலச் சான்றில் முழு வேலை அனுமதி எழுதித் தரும்வரை, பழைய வரம்புக்குள் இருப்பதே பாதுகாப்பு. சான்று வாங்கும்போது வேலை அனுமதி வரியையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.

5. வேலை தேடுற காலத்துக்கும் பணம் காட்டணுமா? இன்சூரன்ஸ் என்ன பண்றது?

காட்ட வேண்டும். அரசு உதவி இல்லாமல் வாழ முடியும் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். முடக்கக் கணக்கில் இருக்கும் தொகை, பகுதிநேர வேலையின் சம்பளச் சீட்டுகள், ஜெர்மனியில் வசிக்கும் ஒருவர் தரும் பொறுப்பேற்பு உறுதி ஆகிய மூன்றில் எதுவும் ஏற்கப்படும்.

மருத்துவக் காப்பீட்டில் இன்னும் கவனம் வேண்டும். மாணவர் கட்டணம் படிப்போடு முடிந்துவிடும். அதன் பிறகு விருப்ப உறுப்பினராகத் தொடர்ந்தால், வருமானமே இல்லாவிட்டாலும் மாதக் கட்டணம் மாணவர் கட்டணத்தைவிட நன்றாகவே கூடும். இங்கேதான் சின்ன வேலையின் சம்பள அளவு கைகொடுக்கிறது. மினிஜாப் எனப்படும் சிறுவேலையில் காப்பீடு கிடையாது. அதன் மாத வரம்பு 2025-இல் 556 யூரோ, 2026-இல் 603 யூரோ. மாதச் சம்பளம் இந்த வரம்பைத் தாண்டினால், அந்த வேலை மூலமாகவே கட்டாயக் காப்பீட்டுக்குள் வந்துவிடுவீர்கள். கட்டணத்தில் முதலாளியும் பங்கு கட்டுவார். எனவே 550 யூரோ வேலையையும் 700 யூரோ வேலையையும் ஒப்பிடும்போது வித்தியாசம் வெறும் 150 யூரோ இல்லை. விருப்பக் காப்பீட்டுக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

6. வேலை கிடைச்சிடுச்சு அக்கா! ப்ளூ கார்டா, சாதா வேலை அனுமதியா? எது எடுக்கணும்?

தகுதி இருந்தால் ப்ளூ கார்டு எடுங்கள். அதற்கு மூன்று கேட்பார்கள்: பட்டத்துக்குப் பொருத்தமான வேலை, குறைந்தது ஆறு மாத ஒப்பந்தம், வரம்புக்கு மேல் சம்பளம். பொது வரம்பு 2025-இல் ஆண்டுக்கு 48,300 யூரோ. 2026-இல் 50,700 யூரோ. ஆனால் பட்டம் பெற்று மூன்று ஆண்டு முடியாதவர்களுக்கு, எந்தத் துறையாக இருந்தாலும், குறைந்த வரம்பு பொருந்தும். அது 2025-இல் 43,759.80 யூரோ, 2026-இல் 45,934.20 யூரோ. புதிதாகப் படித்து முடித்தவர்களில் பலர் இது தெரியாமல் பெரிய தொகையைப் பார்த்துப் பின்வாங்கிவிடுகிறார்கள். குறைந்த வரம்பில் போகும்போது கூட்டாட்சி வேலைவாய்ப்பு நிறுவனம் ஊதியத்தையும் வேலை நிபந்தனைகளையும் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அதற்குச் சில வாரங்கள் ஆகலாம்.

சம்பளம் இந்த வரம்பை எட்டவில்லை என்றால் 18பி பிரிவின் கீழ் பட்டதாரிகளுக்கான வேலை அனுமதி இருக்கிறது. அதில் இப்படி ஒரு பொது வரம்பு இல்லை. ஆனால் அந்த இடத்தில் அந்த வேலைக்கு மற்றவர்கள் வாங்குவதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. 2023 நவம்பரிலிருந்து, படித்த துறையைவிட்டு வேறு துறை வேலைக்கும் இது கிடைக்கிறது. இயந்திரவியல் படித்தவர் தளவாடத் திட்டமிடல் வேலைக்குப் போகலாம். ஆனாலும் அது பயிற்சி பெற்றவர் செய்யும் தகுதி வேலையாக இருக்க வேண்டும். கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்கு இந்த அனுமதி வராது.

7. சம்பளம் வரம்பைவிடக் கொஞ்சம்தான் குறைவு. போனஸ் சேர்த்தா தாண்டிடும். ஏத்துக்குவாங்களா?

ஒப்பந்தத்தில் உறுதியாக எழுதியிருக்கும் சம்பளம்தான் எண்ணப்படும். இலக்கை எட்டினால் கிடைக்கும் போனஸ் உறுதியான சம்பளம் இல்லை. பதின்மூன்றாம் மாதச் சம்பளம் தரப்படும் என்று நிபந்தனையின்றி எழுதியிருந்தால் அது வேறு கதை.

இப்படி நிற்பவர்கள் மனிதவளத் துறையிடம் நேரடியாகக் கேளுங்கள்: "இந்த எண்ணைத் தாண்டினால் எனக்கு ப்ளூ கார்டு கிடைக்கும், ஒப்பந்தத்தை இவ்வளவாக மாற்ற முடியுமா?" ஆண்டுக்குச் சில நூறு யூரோ வித்தியாசம் நிறுவனத்துக்குப் பெரிதாக இருக்காது. டிசம்பரில் ஒப்பந்தம் போட்டு ஜனவரியில் விண்ணப்பிப்பவர்கள் புதிய ஆண்டின் வரம்பைத் தாண்டும்படி எழுதி வாங்குங்கள். பழைய ஆண்டின் எண் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

8. நல்ல வேலை கிடைச்சு சேர்ந்துட்டேன். 18 மாச அட்டையில இன்னும் எட்டு மாசம் இருக்கே. அது முடியுறப்ப மாத்திக்கலாம்தானே?

சட்டப்படி தவறில்லை. 4-ஆம் பதிலில் சொன்னபடி, அந்த அட்டையிலேயே எந்த வேலையும் செய்யலாம். ஆனால் நான் கெஞ்சிக் கேட்பது இந்த ஒரு விஷயத்தைத்தான்: உடனே மாற்றிவிடுங்கள்.

நிரந்தர வசிப்புரிமைக்கு மூன்று கணக்குகள் இருக்கின்றன. ப்ளூ கார்டில் 21 மாதம் வேலை செய்து, ஜெர்மன் மொழியில் பி1 எனும் இடைநிலைத் தேர்ச்சி இருந்தால் விண்ணப்பிக்கலாம். ப்ளூ கார்டோடு ஏ1 எனும் தொடக்க நிலை மட்டும் இருந்தால் 27 மாதம். ஜெர்மனியில் படித்தவர் 18பி அனுமதியில் இருந்தால் பி1-ஓடு இரண்டு ஆண்டு. மூன்றிலும் அந்தந்த மாதங்களுக்கு ஓய்வூதியக் காப்பீட்டுத் தொகை கட்டியிருக்க வேண்டும். மூன்றும் வேலைக்கான அட்டை கிடைத்த பிறகே ஓடத் தொடங்கும். வேலை தேடும் அட்டையில் அதே மேசையில், அதே சம்பளத்தில் எட்டு மாதம் உட்கார்ந்திருந்தாலும் அந்த எட்டு மாதத்தை அலுவலகம் இதில் சேர்க்காது.

9. தேதி போட்டு ஒரு உதாரணம் சொல்லுங்களேன். எனக்கு இந்த மாசக் கணக்கு குழப்புது.

இயந்திரவியல் முதுகலை முடித்த ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். கடைசி மதிப்பெண் 2025 பிப்ரவரி 28-இல் வருகிறது. மாணவர் அனுமதி மார்ச் 31 வரை. மார்ச் 12-ஆம் தேதி ஆன்லைனில் விண்ணப்பிக்கிறாள். மே கடைசியில் அட்டை வருகிறது. முடிவுத் தேதி 2026 ஆகஸ்ட் கடைசி. ஏப்ரல், மே இரண்டு மாதமும் விருப்பக் காப்பீட்டைத் தன் சேமிப்பிலிருந்து கட்டுகிறாள். ஜூனில் ஒரு கிடங்கில் வாரம் 25 மணி நேர வேலை, மாதம் சுமார் 1,400 யூரோ. காப்பீடு வேலை வழியாக வந்துவிடுகிறது.

நவம்பரில் வடிவமைப்புப் பொறியாளர் வேலை கிடைக்கிறது. சம்பளம் 44,500 யூரோ, சேர வேண்டியது 2026 பிப்ரவரி 1. அந்தச் சம்பளம் 2025-இன் குறைந்த வரம்பைத் தாண்டுகிறது, 2026-இன் வரம்பைத் தாண்டவில்லை. அவள் கேட்டதும் நிறுவனம் 46,000 ஆக மாற்றித் தருகிறது. டிசம்பரிலேயே விண்ணப்பித்து, பிப்ரவரி 1 முதல் ப்ளூ கார்டில் வேலை செய்கிறாள். பி1 முடித்திருந்தால் 21 மாதம் 2027 அக்டோபரோடு நிறைகிறது; நவம்பரில் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். ஏ1 மட்டும் இருந்தால் 2028 மே. சம்பளம் ஏறாமல் 18பி அனுமதியில் போயிருந்தால், பி1-ஓடு 2028 பிப்ரவரி.

அவளோடு அதே நாளில் அதே வேலையில் சேர்ந்த நண்பன், பழைய அட்டை இருக்கிறதே என்று விட்டுவிட்டு 2026 ஆகஸ்ட் 1-இல்தான் ப்ளூ கார்டுக்கு மாறுகிறான். அவனுக்கு 21 மாதம் முடிவது 2028 ஏப்ரல் கடைசியில். ஒரு விண்ணப்பத்தைத் தள்ளிப்போட்டதில் ஆறு மாதம் பின்தங்கிவிட்டான்.

10. ப்ளூ கார்டு வந்த அப்புறம் கம்பெனி மாறலாமா?

மாறலாம். முதல் 12 மாதத்துக்குள் மாறினால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். புதிய வேலையும் ப்ளூ கார்டு நிபந்தனைகளுக்குள் வருகிறதா என்று பார்ப்பதற்காக மாற்றத்தை 30 நாள் வரை நிறுத்தி வைக்கவும், பொருந்தவில்லை என்றால் மறுக்கவும் அவர்களால் முடியும். 12 மாதத்துக்குப் பிறகு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

18பி அனுமதியில் அட்டையோடு வரும் கூடுதல் தாளைப் பாருங்கள். நிறுவனத்தின் பெயரும் பதவியும் அதில் எழுதியிருந்தால், அதை மாற்றி வாங்காமல் புது இடத்தில் சேரக் கூடாது.

11. புரொபேஷன்ல வேலை போயிடுச்சு. 18 மாசத்துல மிச்சம் இருந்த நாள் திரும்பக் கிடைக்குமா?

தானாகத் திரும்பாது. வேலை அட்டைக்கு மாறியபோதே பழைய அட்டை முடிந்துவிட்டது. அதற்காக நாளைக்கே நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்றும் இல்லை. வேலை முடிந்தது தெரிந்த இரண்டு வாரத்துக்குள் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நிறுவனமும் தன் பங்குக்குத் தெரிவிக்கும். நீங்கள் சொல்லாமல் நிறுவனத்தின் கடிதம் முதலில் போய்ச் சேர்ந்தால் பேச்சு வேறு மாதிரி தொடங்கும். அனுமதியைச் சுருக்க அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனாலும் புதிய வேலை தேடச் சில மாதம் விடுவதே வழக்கம். போட்ட விண்ணப்பங்களையும் நேர்காணல் அழைப்புகளையும் சேர்த்து வைத்துக் காட்டுங்கள்.

12. 18 மாசமும் முடியப் போகுது, வேலை இல்ல. நீட்டிப்பு உண்டா?

இந்த அனுமதிக்கு 18 மாதத்துக்கு மேல் நீட்டிப்பு கிடையாது. கெடு முடிவதற்கு முன் வேறு அனுமதிக்கு மாற வேண்டும். ஒரு வழி, ஷான்சென்கார்ட்டே எனும் வாய்ப்பு அட்டை. அது வேலை தேட ஓராண்டு வரை தருகிறது. ஆனால் வாரத்துக்குச் சராசரியாக 20 மணி நேரம்தான் பக்க வேலை செய்யலாம். செலவுக்குப் பணம் இருப்பதையும் காட்ட வேண்டும். முழுநேரக் கிடங்கு வேலையை நம்பி இருந்தவர்களுக்கு அந்த வருமானம் பாதியாகிவிடும்.

அதைவிட நல்லது, பத்தாம் மாதத்திலிருந்தே பார்வையை விரிப்பது. 6-ஆம் பதிலில் சொன்ன 18பி அனுமதி துறை மாறவும் இடம் தருகிறது. ப்ளூ கார்டு சம்பளமும் படித்த துறையும் ஒன்றாகக் கிடைக்கும்வரை மற்றதை எல்லாம் தள்ளிவிட்டு, கடைசி வாரத்தில் என்னை அழைத்தவர்கள் உண்டு. அப்போது செய்வதற்கு மிகக் குறைவாகவே இருந்தது.

13. என் கோர்ஸ் முழுக்க இங்கிலீஷ்ல. ஜெர்மன் யூனிவர்சிட்டி பட்டம்தான் இருக்கே, பி1 தனியா வேணுமா?

வேணும். ஜெர்மன் பல்கலைக்கழகப் பட்டம் என்பது வேறு, ஜெர்மன் மொழியில் படித்த பட்டம் என்பது வேறு. ஆங்கிலவழிப் பட்டம் மொழிச் சான்றாகாது. அங்கீகரிக்கப்பட்ட தேர்வில் பி1 சான்றிதழ் வாங்குங்கள். வேலையில் சேர்ந்த பிறகு மாலை வகுப்புக்குப் போவது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். வேலை தேடும் மாதங்களில் முடித்தால், 9-ஆம் பதிலில் பார்த்ததுபோல் ஆறு மாதம் மிச்சமாகும்.

நாட்டின் சட்டமும் சமூகமும் பற்றிய "ஜெர்மனியில் வாழ்க்கை" தேர்வையும் அதோடு முடித்துவிடுங்கள். 33 கேள்விகள், கேள்விகளை முன்கூட்டியே இணையத்தில் பார்த்துப் பழகலாம்.

14. பி.ஆர். கிடைச்சிட்டா அப்புறம் எங்க வேணும்னாலும் இருக்கலாமா? ஒரு வருஷம் ஊர்ல இருந்துட்டு வரலாமா?

கவனம். நீடர்லாஸுங்ஸ்எர்லௌப்னிஸ் எனும் நிரந்தர வசிப்புரிமைக்கு முடிவுத் தேதி இல்லை. எந்த நிறுவனத்தில் வேண்டுமானாலும் வேலை செய்யலாம், தொழில் தொடங்கலாம். ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து நாட்டுக்கு வெளியே இருந்தால் அது பொதுவாகக் காலாவதியாகிவிடும். ப்ளூ கார்டாக இருந்தபோது அந்த அவகாசம் 12 மாதம். பி.ஆர். வாங்கியதும் அவகாசம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் குறைகிறது. வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் நீண்ட நாள் போக வேண்டியிருந்தால், கிளம்புவதற்கு முன்பே அலுவலகத்தில் கூடுதல் அவகாசம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள்.